இனிஷியல் உள்ள பெயரை எப்படி எழுதுவது என்று ரெக்ரூட்டரிடம் கேட்பது: முழுமையான வழிகாட்டி

அந்த ஆஃபர் லெட்டர் "Dear M," என்று ஆரம்பித்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் "M Kayalvizhi" என்று இருந்தது. சம்பள விவரம் உள்ள பின்னிணைப்பில் "Kayalvizhi, M". ஒரே கடிதத்தில் ஒரே பெண்ணுக்கு மூன்று வடிவம். சென்னையில் ஒரு நிறுவனத்தின் ஜாயினிங் டெஸ்க்கில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட கடிதங்களைத் திருத்தி வாங்கித் தருவதே அங்கே என் வேலையில் பாதி. கயல்விழி என்பது அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் அல்ல, இந்தக் கட்டுரைக்காக வைத்தது. அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம்.

தப்பு எங்கே நடந்தது என்று பின்னோக்கிப் போனால், அது ரெஸ்யூமில் போய் நிற்கும். அவர் தலைப்பில் "M. Kayalvizhi" என்று போட்டிருந்தார். நம் ஊர் வழக்கப்படி அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரெஸ்யூமைப் பதிவேற்றியதும் மென்பொருள் முன்னால் இருந்த துண்டை First Name கட்டத்திலும், பின்னால் இருந்ததை Last Name கட்டத்திலும் போட்டுக்கொண்டது. ஆஃபர் லெட்டரை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. ஒரு மாதிரிக் கடிதம் தயாராக இருக்கும். பெயர் வர வேண்டிய இடங்களை அந்தக் கட்டங்களிலிருந்து அதுவே நிரப்பிக்கொள்ளும்.

அதனால்தான் இந்தக் கேள்வியை ஆஃபர் லெட்டர் வந்த பிறகு கேட்டால் தாமதம் என்கிறேன். "செலக்ட் ஆகிவிட்டீர்கள், ஆவணங்களை ஏற்ற ஒரு லிங்க் வரும்" என்று ரெக்ரூட்டர் சொல்லும் நாள்தான் சரியான நேரம். லிங்க்கைத் திறந்து நிரப்பத் தொடங்குவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். நேர்முகத் தேர்வு நடக்கும்போதே கேட்க வேண்டியதில்லை. அப்போது அதற்குப் பதில் சொல்லும் பொறுமை யாருக்கும் இருக்காது.

முதலில் உங்கள் காகிதங்களைக் கேளுங்கள்

ரெக்ரூட்டருக்கு மெயில் போடும் முன் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. "ஆதார்ல என் பேரு சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னவர்களில் பலர் அட்டையை எடுத்துப் பார்த்ததும் வாய் மூடியதைப் பார்த்திருக்கிறேன். கயல்விழியின் பட்டியல் இப்படி இருந்தது:

```
10th mark sheet    KAYALVIZHI M
Degree             M KAYALVIZHI
Aadhaar            Kayalvizhi M
PAN                KAYALVIZHI MURUGESAN
Passport           Surname: MURUGESAN
                   Given Name: KAYALVIZHI
Relieving letter   Kayalvizhi Murugesan
Bank               KAYALVIZHI M
```

இது அவருடைய கவனக்குறைவால் வந்தது அல்ல. ஒவ்வொரு அலுவலகமும் இனிஷியலை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அட்டையில் அச்சாக வேண்டிய பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு, அங்கே மட்டும் சுருக்கலாம். பாஸ்போர்ட்டிலும் இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயராக விரிந்துதான் வரும். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம், அதனால் பதிவு செய்த அன்று எதைச் சொன்னோமோ அது நிற்கிறது. பள்ளியும் கல்லூரியும் இனிஷியலை முன்னாலோ பின்னாலோ போட்டுவிடும்.

பட்டியல் எழுதும்போது இரண்டு இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று, இனிஷியல் எழுத்தே மாறியிருக்கலாம். அப்பா பெயர் கணேசன் என்றால் தமிழில் க, ஆங்கிலத்தில் G. பள்ளியில் யாரோ தமிழ் எழுத்தைப் பார்த்து K என்று போட்டிருப்பார்கள். சந்திரனுக்கு C என்றும் S என்றும் இரண்டு காகிதங்கள் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு அப்பாக்கள். தாத்தா பெயரோ ஊர்ப்பெயரோ சேர்ந்து இரண்டு இனிஷியல் உள்ளவர்கள், ஒரு காகிதத்தில் இரண்டும் மற்றொன்றில் ஒன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து. தனிநபர் பானில் நான்காவது எழுத்து P. ஐந்தாவது, எண் வழங்கியபோது வருமான வரித்துறை உங்கள் கடைசிப் பெயராக எதை எடுத்துக்கொண்டதோ அதன் முதல் எழுத்து. கயல்விழியின் பானில் அது M. அதாவது முருகேசன்தான் கடைசிப் பெயராகப் பதிவானது. K என்று இருந்திருந்தால் கயல்விழியே கடைசிப் பெயர். அட்டையில் அச்சான பெயரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. போர்ட்டலில் Last Name எது என்று முடிவு செய்யும்போது இந்த ஓர் எழுத்து உதவும். பின்னாளில் பெயரைத் திருத்தினாலும் எண் அப்படியேதான் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு கேள்வி அல்ல, மூன்று

"என் பேரை எப்படிப் போடணும்?" என்று பொதுவாகக் கேட்டால், "ஆதார்ல இருக்கிற மாதிரி போடுங்க" என்று பொதுவாகத்தான் பதில் வரும். ரெக்ரூட்டரைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பப் படிவம் அவர் கையில் இருக்கிறது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது பிஜிவி, பெரும்பாலும் வெளி நிறுவனம் ஒன்றின் கையில். ஆஃபர் லெட்டர் எச்.ஆர். ஆபரேஷன்ஸ் குழுவின் கையில். மூன்று இடத்துக்கும் அவர் ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான். நாம் பிரித்துக் கேட்டால் அவரும் பிரித்து விசாரிப்பார்.

போனில் கேட்டாலும் கடைசியில் மெயிலில் வாங்கிவிடுங்கள். கயல்விழிக்கும் ரெக்ரூட்டருக்கும் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி:

"மேம், போர்ட்டல்ல Last Name கட்டாயம்னு கேக்குது. எனக்கு இனிஷியல் மட்டும்தான். M போட்டா எடுக்க மாட்டேங்குது."

"டாட் போட்டுடுங்க. இல்ல, பேரையே ரெண்டு தடவை போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"பான்ல முருகேசன்னு விரிவா இருக்கு மேம். அதைப் போடலாமா? ஆதார்ல M மட்டும்தான் இருக்கு."

"அப்படியா… எனக்குத் தெரியல. ஆபரேஷன்ஸ் டீம்ல கேட்டுச் சொல்றேன். ஒரு மெயில் போட்டு வைங்களேன்."

அந்த "மெயில் போட்டு வைங்களேன்" என்பதுதான் நமக்குத் தேவை. புள்ளி வைக்கும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். படிவம் அப்போதைக்குப் போய்விடும். ஆனால் அந்தப் புள்ளி ஆஃபர் லெட்டர், அடையாள அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும். பெயரை இரண்டு முறை போட்டால் "Kayalvizhi Kayalvizhi" என்று ஒரு புதிய ஆள் பிறப்பார். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஆள் அவர்.

மெயிலை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

> வணக்கம் மேம்,
>
> என் பெயர் கயல்விழி. M என்பது என் அப்பா முருகேசன் பெயரின் இனிஷியல், குடும்பப் பெயர் அல்ல. என் ஆவணங்களில் பெயர் எப்படி உள்ளது என்ற பட்டியலைக் கீழே தந்திருக்கிறேன்.
>
> 1. போர்ட்டலில் Last Name கட்டம் ஓர் எழுத்தை ஏற்கவில்லை. பானில் உள்ளபடி First Name: Kayalvizhi, Last Name: Murugesan என்று தரலாமா?
>
> 2. பிஜிவி படிவத்தில் கல்வி, முந்தைய வேலை இரண்டிலும் அந்தந்தச் சான்றிதழில் உள்ளபடியே பெயரைத் தரலாமா? வேறு வடிவங்களைக் குறிப்பிடத் தனி இடம் உண்டா? உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படுமா?
>
> 3. ஆஃபர் லெட்டரில் எந்த ஆவணத்தின்படி பெயர் வரும்? பிஎஃப், சம்பளப் பதிவுகளுக்கும் அதே பெயர்தானா? நான் ஏற்றுக்கொள்ளும் முன் பெயரைச் சரிபார்க்க வரைவு கிடைக்குமா?
>
> உங்கள் பதில் வந்ததும் படிவத்தை அனுப்புகிறேன்.

இதில் முக்கியமான வரி "குடும்பப் பெயர் அல்ல" என்பது. ரெக்ரூட்டர் டெல்லியிலோ புனேவிலோ உட்கார்ந்திருந்தால் M என்பதை ஏதோ சுருக்கிய சர்நேம் என்றே நினைப்பார். இனிஷியலின் விரிவு அப்பா பெயர் என்பது நமக்குத்தான் சொல்லாமலே தெரியும். அம்மா பெயரின் எழுத்தை இனிஷியலாக வைத்திருப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். படிவத்தில் அப்பா பெயர் ஒன்றும், விரித்த இனிஷியல் வேறொன்றும் வரும்போது யாராவது நிறுத்திக் கேட்பார்கள்.

கேள்வியில் நம் யோசனையையும் சேர்த்தே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "எப்படிப் போடட்டும்?" என்றால் அவர் யோசிக்க வேண்டும். "இப்படிப் போடலாமா?" என்றால் ஆம், இல்லை போதும். ஒரு நாளில் முப்பது பேருக்குப் பதில் சொல்பவரிடமிருந்து பதில் வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வரும் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது

"ஆதார்படி போடுங்கள்" என்று வந்தால், காரணம் பிஎஃப். உங்கள் பிஎஃப் கணக்குகளை இணைக்கும் யுஏஎன் எண்ணில் உள்ள பெயர் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் சம்பளம் வாங்கும் வேலைக்கு இந்தப் பதில் நியாயமானதே. ஆதாரிலும் பானிலும் ஒரே வடிவம் இருப்பவர்களுக்கு இத்தோடு வேலை முடிந்தது. கயல்விழியைப் போல ஆதாரில் M, பானில் Murugesan என்றால் அடுத்த கேள்வி கேளுங்கள்: "பான் பெயர் வேறு மாதிரி இருக்கிறது, வரிப் பிடித்தம் அந்தப் பெயரில்தானே போகும்? இரண்டையும் எப்படிப் பதிவீர்கள்?" பல நிறுவனங்களின் மென்பொருளில் சட்டப்பூர்வப் பெயர், பான் பெயர், ஆதார் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இருந்தால் ஒவ்வொன்றையும் அட்டையில் உள்ளபடி நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

"உங்கள் இஷ்டம்" என்று வந்தால்தான் உஷாராக வேண்டும். அவர் விசாரிக்கவில்லை என்று பொருள். மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்து, ஆபரேஷன்ஸ் குழுவையும் மெயிலில் சேர்த்து இன்னொரு முறை கேளுங்கள்.

"ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள்" என்றும் சிலர் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். இந்த நிறுவனத்தின் போர்ட்டல் ஓர் எழுத்தை ஏற்கவில்லை என்பதற்காக ஒரு வாய்ப்பைச் செலவழிப்பதா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், பாஸ்போர்ட்டும் பானும் ஏற்கெனவே விரிந்த பெயரில் இருந்தால் ஆதாரையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது நல்ல செலவு. ஆனால் பிறகு பிஎஃப், வங்கி எல்லாவற்றையும் அதன் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். அதனால் சேரும் தேதிக்கு முந்தைய வாரத்தில் அதைத் தொடங்காதீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்: ஆதாரில் புதுப் பெயர், யுஏஎன்னில் பழைய பெயர், பிஎஃப் பணத்தை மாற்ற முடியாமல் நிற்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் திருத்துகிறேன் என்று கிளம்புவது அதைவிட நீண்ட பயணம். ஒரு வேலைக்காக அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிஜிவி படிவம்: இங்கே விதி தலைகீழ்

போர்ட்டலில் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிஜிவியில் இதையே செய்தால் மாட்டிக்கொள்வோம். சரிபார்ப்பு நிறுவனம் உங்கள் படிவத்தில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அங்கே இருப்பவர் தன் பதிவேட்டில் M KAYALVIZHI என்று பார்க்கிறார். உங்கள் படிவத்தில் Kayalvizhi Murugesan. சிலர் எண்ணைப் பார்த்துச் சரி என்று எழுதுவார்கள். சிலர் "பெயர் பொருந்தவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வரியால் அறிக்கை பச்சையிலிருந்து ஆம்பருக்கு மாறும். பிறகு விளக்கம், காத்திருப்பு.

ஆகவே கல்விப் பகுதியில் சான்றிதழில் உள்ளபடி, பதிவு எண்ணோடு. முந்தைய வேலைப் பகுதியில் அந்த நிறுவனத்தின் பதிவில் உள்ளபடி, பணியாளர் எண்ணோடு. அடையாளப் பகுதியில் அட்டையில் உள்ளபடி. "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் இருந்தால், பலரும் நினைப்பதுபோல் அது புனைபெயர் வைத்திருப்பவர்களுக்கானது அல்ல. உங்கள் பட்டியலில் உள்ள எல்லா வடிவங்களையும் அங்கே எழுதுங்கள். "இல்லை" என்று டிக் போட்டுவிட்டு, பிறகு வேறு வடிவத்தில் ஒரு சான்றிதழைக் கொடுத்தால்தான் கேள்வி வரும். நீதிமன்றப் பதிவுத் தேடலில் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் வைத்தே பார்ப்பார்கள். அப்பா பெயரை எப்போதும் விரித்தே எழுதுங்கள், M என்று விடாதீர்கள்.

கட்டம் இல்லையென்றால், பட்டியலையே ஒரு பக்கக் குறிப்பாகக் கையெழுத்திட்டு ஆவணங்களோடு ஏற்றிவிடுங்கள். "மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும், M என்பது என் தந்தை முருகேசன் பெயரின் முதல் எழுத்து" என்று ஒரு வரி போதும். இனிஷியல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும். எழுத்தே மாறியிருந்தால், K ஒன்றிலும் G ஒன்றிலும் என்றால், நோட்டரி கையெழுத்துடன் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். திருமணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாறியவர்கள் திருமணச் சான்றிதழை முதலிலேயே ஏற்றிவிடலாம்.

சரிபார்ப்பு நிறுவனத்திலிருந்து "இன்சஃபிஷியன்சி" என்று மெயில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஏதோ ஒரு காகிதம் போதவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. நிராகரித்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. ஆனால் பதில் அனுப்பும் வரை அந்தப் பகுதி நின்றுவிடும். பட்டியலையும் குறிப்பையும் அன்றே அனுப்புங்கள், ரெக்ரூட்டருக்கும் நகல் வையுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஸ்கேன் செய்த பிரதியில் பெயரை அழகாக மாற்றி அனுப்புவது. ஒரு தம்பி இனிஷியல் இடம் மாறியிருந்ததைச் சரிசெய்கிறேன் என்று அதைச் செய்தார். பெயர் வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆவணத்தைத் திருத்தியதை எடுத்தார்கள். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

ஆஃபர் லெட்டர் வந்ததும்

சம்பளத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தத் தோன்றும். அதற்கு முன் பெயர் வரும் இடங்களை மட்டும் ஒரு முறை விரலால் தொட்டுப் படியுங்கள்: முகவரி, விளித்தல், பின்னிணைப்பு, கடைசிப் பக்கத்தில் ஒப்புதல் வரி. நான் பார்த்தவரை முகவரியில் சரியாகவும் பின்னிணைப்பில் தவறாகவும் இருப்பதே அதிகம். இரண்டும் வேறு வேறு மாதிரியிலிருந்து வருவது காரணமாக இருக்கும்.

தவறு இருந்தால் ஏற்றுக்கொள்ளாமல், பக்கத்தையும் வரியையும் குறித்து, சரியான வடிவத்தை எழுதி அனுப்புங்கள். "இரண்டாம் பக்கம் பின்னிணைப்பில் 'Kayalvizhi, M' என்று உள்ளது, 'Kayalvizhi Murugesan' என்று இருக்க வேண்டும், 12-ஆம் தேதி மெயிலில் நீங்கள் உறுதி செய்தபடி." அந்தப் பழைய மெயில் இங்கேதான் கைகொடுக்கிறது. "அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல சரி பண்ணிடுவோம், இதை அக்செப்ட் பண்ணிடுங்க" என்று சொன்னால், கெடு அன்றே முடிகிறது என்றால் மட்டும் சம்மதியுங்கள். அப்போதும் அவர் சொன்னதை ஒரு வரி மெயிலாக வாங்கிவிட்டு அழுத்துங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு உள்ள வேலை என்றால் பாஸ்போர்ட் வடிவத்தையே எல்லா இடத்திலும் கேட்டுப் பெறுவது நல்லது. Surname கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் இதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அமெரிக்க விசாவில் உங்கள் ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் FNU என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிறு கேள்வி மிச்சம் இருக்கும், அதையும் சேரும் தேதிக்கு முன்பே கேளுங்கள்: மெயில் முகவரியிலும் அடையாள அட்டையிலும் எந்தப் பெயர் வரும்? Last Name கட்டத்தில் அப்பா பெயரைக் கொடுத்திருக்கிறோம். சில இடங்களில் திரையில் "Murugesan, Kayalvizhi" என்று தெரியும். மீட்டிங்கில் அமெரிக்காக்காரர் "ஹாய் முருகேசன்" என்பார். Preferred Name என்று ஒரு கட்டம் பல மென்பொருள்களில் இருக்கிறது, அதில் Kayalvizhi என்று போடச் சொல்லிவிட்டால் போதும். கயல்விழி அதைக் கேட்க மறந்துவிட்டார். முதல் ஆறு மாதம் அவருடைய குழுவில் எல்லோரும் அவர் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.